நாலு பைல், ஒரு கேப்: கான்கிரீட்டும் கம்பியும் கணக்கிடுவது எப்படி?

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சைட். அஸ்திவாரக் குழி தோண்டியாகிவிட்டது. ஆறடி இறங்கியதுமே கடல் மணலில் தண்ணீர் ஊறுகிறது, மோட்டார் இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருக்கிறது. குழிக்குள், மண்ணில் ஆழமாக இறங்கி நிற்கும் நாலு கான்கிரீட் பைல்களின் தலை தெரிகிறது. ஒவ்வொரு தலையிலிருந்தும் எட்டு கம்பி வானத்தைப் பார்த்து நிற்கிறது. இந்த நாலையும் ஒன்றாகக் கட்டி, மேலே வரும் தூணின் பாரத்தை நாலுக்கும் பிரித்துக் கொடுக்கும் கான்கிரீட் கட்டிதான் பைல் கேப்.

டிப்ளமோ முடித்துப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம், "இந்தக் கேப்புக்கு எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு கம்பி?" என்று கேட்டால் பெரும்பாலோர் தடுமாறுவது பெருக்கலில் அல்ல. எதை எதிலிருந்து கழிப்பது, எந்தக் கம்பி யாருடைய கணக்கில் வருகிறது என்பதில்தான். அதனால் ஒரே ஒரு கேப்பை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். கேப்பின் பக்க அளவும் ஆழமும் கையில் இருந்தால் மற்றதெல்லாம் அந்த இரண்டிலிருந்தே கிளைத்து வரும்.

முதலில் அந்தப் பக்க அளவு எங்கிருந்து வருகிறது? நம் பைலின் விட்டம் 500 மி.மீ. மண்ணின் உராய்வை நம்பி நிற்கும் பைல்களை மிக நெருக்கமாகப் போட்டால் ஒன்று தாங்கும் மண்ணையே பக்கத்துப் பைலும் பங்கு கேட்கும். அதனால் மையத்துக்கு மையம் விட்டத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளி, அதாவது 1500 மி.மீ. வெளிப்பக்கப் பைலின் விளிம்புக்கு அப்பால் கேப் 100 முதல் 150 மி.மீ. வரை நீள வேண்டும் என்பது இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 2911 சொல்வது. நம் வரைபடத்தில் 150. இப்போது ஒரு பக்கத்தைக் கூட்டுங்கள்: இடைவெளி 1500, இரண்டு பக்கமும் அரை விட்டம் சேர்ந்து 500, நீட்டல் இரண்டு பக்கமும் சேர்ந்து 300. மொத்தம் 2300 மி.மீ. சதுர கேப் என்பதால் மறு பக்கமும் அதே 2300.

ஆழம் 1000 மி.மீ. இதை வடிவமைப்பாளர்தான் முடிவு செய்வார். தூண் கேப்பைக் குத்திக்கொண்டு இறங்கிவிடக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நாமே சரிபார்க்கலாம். பைலிலிருந்து வரும் கம்பி கேப்புக்குள் போதுமான நீளத்துக்குப் புதைந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். எம்30 கான்கிரீட்டில் 500 தரக் கம்பிக்கு அந்தப் பிடிப்பு நீளம் கம்பி விட்டத்தைப் போல ஏறத்தாழ 45 மடங்கு. நம் பைலில் இருப்பது 16 மி.மீ. கம்பி, ஆக சுமார் 725 மி.மீ. வேண்டும். பைல் தலை கேப்புக்குள் 50 மி.மீ. ஏறி நிற்கும், அதோடு சேர்த்தால் கேப்பின் அடியிலிருந்து 775. ஒரு மீட்டர் ஆழத்தில் இது தாராளமாக அடங்குகிறது. இதே பைலில் 20 மி.மீ. கம்பி இருந்திருந்தால் 50உம் 906உமாக 956 ஆகி கேப்பின் மேல்பக்கக் கம்பிவலையில் முட்டியிருக்கும். ஆழம் என்ற ஒற்றை எண்ணுக்குள் இத்தனை சமாசாரம் இருக்கிறது.

கான்கிரீட் கணக்கு சுலபம். 2.3 × 2.3 × 1.0 = 5.29 கன மீட்டர். பைல் தலைகள் 50 மி.மீ. உள்ளே ஏறியிருக்கும் இடத்தைக் கழிக்க வேண்டும். ஒரு பைலின் பரப்பு 0.196 சதுர மீட்டர், நாலுக்கும் 0.785. அதை 0.05ஆல் பெருக்கினால் 0.04 கன மீட்டர். கழித்தால் 5.25. கம்பி பிடித்துக்கொள்ளும் இடத்தைக் கான்கிரீட் அளவில் கழிப்பது வழக்கமில்லை.

கேப்புக்கு அடியில் 75 மி.மீ. பி.சி.சி., அதாவது கம்பியில்லாத கான்கிரீட் படுக்கை உண்டு. கேப்பை விட நாலு பக்கமும் 100 மி.மீ. அகலமாகப் போட்டால் 2.5 × 2.5 × 0.075, அதாவது 0.47 கன மீட்டர். ஆனால் பைல் இந்தப் படுக்கையைத் துளைத்துக்கொண்டுதான் மேலே வருகிறது. ஆகவே பைல்களின் பரப்பை இங்கேயும் கழிக்க வேண்டும்: 0.785 × 0.075 = 0.06. மிச்சம் 0.41. கேப்பில் கழிவு ஒரு சதவீதம்கூட இல்லை, பி.சி.சி.யிலோ எட்டில் ஒரு பங்கு. ஐம்பது கேப் இருக்கும் சைட்டில் இதுவே மூன்று கன மீட்டர் ஆகிவிடும். ஷட்டரிங் பரப்பு நாலு பக்கம், தலா 2.3 × 1.0, ஆக 9.2 சதுர மீட்டர். அதில் கழிக்க ஒன்றுமில்லை.

இங்கே ஒரு பிழையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் முதல் வருடத்தில் நானே செய்தது. சிமெண்ட், மணல், ஜல்லி எவ்வளவு என்று பிரித்துக் கணக்குப் போடும்போது உலர் கனஅளவுக்காக 1.54ஆல் பெருக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் அதே பழக்கத்தில் ரெடிமிக்ஸ் ஆர்டரையும் 1.54ஆல் பெருக்கிவிட்டேன். இந்த கேப்புக்கு அப்படிச் செய்தால் 8 கன மீட்டருக்கு மேல் போகும். ரெடிமிக்ஸ் வண்டியில் வருவது கலந்து முடித்த ஈரக் கான்கிரீட். அதற்கு அந்தப் பெருக்கலே கிடையாது. அன்று மிஞ்சிய கான்கிரீட்டைச் சைட் ஓரத்தில் கொட்டிப் பரப்பினோம். லாரி நிற்க நல்ல தளம் கிடைத்தது என்று கம்பி மேஸ்திரி பல நாள் சிரித்தார்.

இனி கம்பி. முதலில் கவர், அதாவது கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிமுகத்துக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட். கேப்புக்கு 60 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது விதி. நம் வரைபடத்தில் எல்லாப் பக்கமும் 75. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உப்புத் தண்ணீர் எட்டும் மண்ணில் இந்த 15 மி.மீ. அதிகத்தை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல மாட்டார்கள்.

அடிவலை 20 மி.மீ. கம்பி, இரண்டு திசையிலும் 150 மி.மீ. இடைவெளிக்கு மிகாமல். எத்தனை கம்பி? 2300இல் இரண்டு பக்கக் கவரையும் கழித்தால் 2150. முதல் கம்பியின் மையத்துக்கும் கடைசிக் கம்பியின் மையத்துக்கும் இடையே என்று பார்த்தால் இன்னொரு 20 குறைந்து 2130. அதை 150ஆல் வகுத்தால் 14.2. பதினாலே கால் இடைவெளி என்று ஒன்று கிடையாது. பதினாலாக எடுத்தால் இடைவெளி 150ஐத் தாண்டிவிடும். அதனால் 15 இடைவெளி, 16 கம்பி. கம்பி எப்போதும் இடைவெளியை விட ஒன்று அதிகம். வேலிக்குக் கம்பம் நட்டவர்களுக்கு இது தெரியும். இரண்டு திசைக்கும் சேர்த்து 32.

நீளத்துக்கு வருவோம். நேர்ப்பகுதி 2150. இரண்டு முனையும் மேல் நோக்கி மடங்கி நிற்கும். ஏன் மடக்க வேண்டும்? பைலின் மையத்தைத் தாண்டி இந்தக் கம்பிக்கு 45 மடங்கு, அதாவது 906 மி.மீ. பிடிப்பு வேண்டும். ஆனால் பைல் மையத்திலிருந்து கேப் விளிம்பு 400 மி.மீ.தான். கவர் 75 போனால் 325. மீதி 581 மி.மீ.க்குக் கிடையாக இடமில்லை, மேலேதான் போக வேண்டும். வரைபடத்தில் மடங்கி நிற்கும் காலுக்கு 600 என்று போட்டிருப்பது இதனால்தான். "இந்தக் காலைக் கொஞ்சம் கொறைச்சிக்கலாமா சார்?" என்று யாராவது கேட்டால் இந்த எண்தான் பதில்.

வெட்டும் நீளம்: 2150 + 600 + 600 = 3350. இவை வெளிப்புறமாக அளந்த அளவுகள். வளைவில் கம்பி மூலையைத் தொடாமல் சுருக்கமாகத் திரும்பிவிடுவதால் ஒவ்வொரு 90 பாகை வளைவுக்கும் விட்டத்தின் இரு மடங்கைக் கழிப்பது சைட் வழக்கம். இரண்டு வளைவுக்கு 80. ஆக 3270 மி.மீ., 3.27 மீட்டர். 32 கம்பிக்கு 104.64 மீட்டர்.

எடைக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுக்க வேண்டும். இதில் மந்திரம் எதுவுமில்லை. எஃகு ஒரு கன மீட்டர் 7850 கிலோ. வட்டத்தின் பரப்பை மி.மீ.யில் எழுதி, ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுருக்கினால் அடியில் 162 வந்து நிற்கும். 20 மி.மீ.க்கு 400ஐ 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு 2.47 கிலோ. அடிவலை 258 கிலோ.

மேல்வலை 12 மி.மீ., 200 இடைவெளியில். அதே வழியில் 2138ஐ 200ஆல் வகுத்தால் 10.69, மேலே ஏற்றி 11 இடைவெளி, 12 கம்பி, இரண்டு திசைக்கும் 24. கால் 400 கீழ்நோக்கி. 2150 + 800, வளைவுக்கு 48 கழிவு, 2.90 மீட்டர். மொத்தம் 69.6 மீட்டர், மீட்டருக்கு 0.889 கிலோ வீதம் 62 கிலோ. பக்கவாட்டில் மூன்று அடுக்குச் சுற்றுக்கம்பி, அதுவும் 12 மி.மீ.தான். கால்களுக்கு உள்பக்கமாகக் கட்டுவதால் ஒரு பக்கம் 2110. முழு வளையமாக வளைத்தால் குழிக்குள் இறக்கிக் கட்ட முடியாது. 'ப' வடிவில் இரண்டு துண்டாக வளைத்து, சேரும் இரண்டு இடத்திலும் 600 மி.மீ. மேற்பொருத்தம் விடுவார்கள். ஒரு அடுக்குக்கு 9.54 மீட்டர், மூன்றுக்கும் 25 கிலோ.

மேல்வலை அந்தரத்தில் நிற்காது. அதைத் தாங்க நாற்காலி வேண்டும், சைட்டில் 'சேர்' என்பார்கள். வரைபடத்தில் பெரும்பாலும் இதற்குத் தனிப் படம் இருக்காது. கணக்கில் அடிக்கடி விட்டுப்போவதும் இதுதான். சேரின் உயரத்தை ஆழத்திலிருந்து எடுங்கள்: 1000இலிருந்து மேல் கவரும் கீழ்க் கவருமாக 150, அடிவலை இரண்டு அடுக்குக்கு 40, மேல்வலை இரண்டு அடுக்குக்கு 24 கழித்தால் 786 மி.மீ. இந்த உயரத்தில் இரண்டு கால், தலைக்கு 300, பாதம் தலா 200, நாலு வளைவுக்கு 160 கழிவு, ஒரு சேருக்கு 2.11 மீட்டர். 20 மி.மீ. கம்பியில் ஆறு சேர் வைத்தால் 31 கிலோ. மெல்லிய கம்பியில் சேர் செய்தாலோ எண்ணிக்கையைக் குறைத்தாலோ, கான்கிரீட் போடும் அன்று ஆட்கள் மேலே நடக்க நடக்க மேல்வலை தொங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மேல் மட்டத்துக்கு ஒரு நூல் இழுத்து, நடுவில் நூலிலிருந்து கம்பிவரை டேப்பால் அளந்தால் 75 இருக்க வேண்டிய இடத்தில் 120 காட்டும்.

எல்லாம் கூட்டினால் 258, 62, 25, 31: மொத்தம் 376 கிலோ. கான்கிரீட்டால் வகுத்தால் கன மீட்டருக்கு 72 கிலோ அளவில் வருகிறது. இப்படி வகுத்துப் பார்ப்பதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி ஒரு கேப்புக்கு 30 என்றோ 200 என்றோ வந்தால் எங்கேயோ ஒரு திசையை மறந்திருக்கிறீர்கள், அல்லது ஒன்றை இரண்டு தரம் எண்ணியிருக்கிறீர்கள்.

இரண்டு தரம் எண்ணுவது பெரும்பாலும் பைல் கம்பியில் நடக்கும். கேப்புக்குள் நிற்கும் அந்த 725 மி.மீ. பைலின் கம்பிக்கூட்டு நீளத்திலேயே சேர்ந்துவிட்டது. பைல் பட்டியலில் அதற்குப் பணம் கொடுத்தாயிற்று. கேப்பில் மறுபடி எழுதக் கூடாது. தூணின் தொடக்கக் கம்பிகள் இதற்கு நேர்மாறு. தூண் பட்டியல் எழுதுபவர் 'அது கேப்பில் வரும்' என்பார், கேப் பட்டியல் எழுதுபவர் 'அது தூணில் வரும்' என்பார், கடைசியில் எதிலும் இருக்காது. நம் தூணுக்கு 20 மி.மீ.யில் எட்டு கம்பி. கேப்புக்குள் 885, பாதம் 300, மேலே மேற்பொருத்தத்துக்கு 1000, வளைவுக் கழிவு 40, ஒன்று 2.145 மீட்டர். எட்டுக்கும் 42 கிலோ. எந்தப் பட்டியலில் எழுதினாலும் சரி, ஒரே ஒரு பட்டியலில் எழுத வேண்டும்.

இந்த 376 பில்லுக்கான எண். கிடங்கிலிருந்து எடுக்க வேண்டியது வேறு எண். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. 3.27 மீட்டர் துண்டு ஒரு கம்பியில் மூன்றுதான் வரும், மீதி 2.19 மீட்டர். 32 துண்டுக்கு 11 முழுக்கம்பி, 326 கிலோ. பயன்பட்டதோ 258. வீணா? சேருக்கு எவ்வளவு வேண்டும் என்று மேலே பாருங்கள்: 2.11. மிச்சத் துண்டில் கச்சிதமாக அடங்குகிறது. ஆறு சேரும் அதிலேயே முடிந்துவிடும், மிஞ்சும் துண்டில் தூண் கம்பி சிலதும் வரும். மேல்வலையின் 2.90 ஒரு கம்பியில் நாலு வரும், கழிவு கை நீளம்தான். கால் 400 என்பதை 450 ஆக்கியிருந்தால் துண்டு 3.00 ஆகிவிடும். காகிதத்தில் 12ஐ 3ஆல் வகுத்தால் நாலு வரும், வெட்டும் இயந்திரம் அதற்கு ஒத்துழைக்குமா என்பது அன்றைய கம்பியின் நீளத்தைப் பொறுத்தது.

காகிதத்தில் எல்லாம் சரியாக வந்த பிறகுதான் மண் தன் பங்குக்குப் பேசும். பைல் துளையிடும்போது கருவி கொஞ்சம் நழுவும். மேலே வெறும் மணலும் பழைய கட்டட இடிபாடும் இருக்கும் இடத்தில் இது சகஜம். பைல் தலையில் சேறு கலந்து நிற்கும் மோசமான கான்கிரீட்டை உடைத்தெடுத்து, சரியான மட்டத்துக்குக் கொண்டு வந்த பிறகே பைலின் உண்மையான மையம் தெரியும். அதனால் கம்பி வெட்டச் சொல்வதற்கு முன் நாலு பைலுக்கும் மையத்துக்கு மையம் டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். குறுக்கு மூலைகள் இரண்டையும் அளக்க வேண்டும். நம் சதுரத்தில் அவை இரண்டும் 2121 மி.மீ. இருக்க வேண்டும்.

நான் சொன்ன சைட்டில் ஒரு மூலை 2121, மற்றது 2193. ஒரு பைல் கிழக்கே சரியாக 100 மி.மீ. நகர்ந்திருந்தது. மேஸ்திரி ஏற்கெனவே கம்பியை வெட்ட ஆரம்பித்திருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. கிழக்குப் பக்கம் நூறு ஜாஸ்தி ஆகுது."

"இன்னா சார், இப்ப வந்து சொல்றீங்க? பத்து கம்பி அறுத்துட்டேன்."

"அறுத்தது வடக்கு தெற்குக்கு ஆகும். அந்தத் திசைல நீளம் மாறல."

பைல் நகர்ந்தால் பாரம் நாலுக்கும் சமமாகப் பிரியாது. கேப்பைப் பெரிதாக்கினால் போதுமா என்பதை வடிவமைப்பாளர்தான் சொல்ல வேண்டும். நாமாக முடிவெடுக்கக் கூடாது. அவர் சரிபார்த்து, 150 மி.மீ. நீட்டல் குறையாமல் கிழக்கு மேற்கில் 2400 ஆக்கச் சொன்னார். இப்போது கணக்கில் என்ன மாறுகிறது?

கான்கிரீட் 2.4 × 2.3 × 1.0 = 5.52, பைல் கழிவு போக 5.48. கிழக்கு மேற்காக ஓடும் 16 அடிக்கம்பிகள் தலா 100 மி.மீ. நீண்டு 3.37 மீட்டர் ஆகின்றன, கூடுதல் எடை 4 கிலோ. வடக்கு தெற்குக் கம்பிகள் நிற்க வேண்டிய அகலம் கூடியிருக்கிறதே, இன்னொரு கம்பி வேண்டாமா? 2400 − 150 − 20 = 2230. அதை 150ஆல் வகுத்தால் 14.87. மேலே ஏற்றினால் அதே 15 இடைவெளி, அதே 16 கம்பி. முன்பு 14.2ஐ 15 ஆக்கியபோது கிடைத்த தாராளம் இங்கே கைகொடுத்தது. மேல்வலைக்கு அந்த அதிர்ஷ்டமில்லை: 2238ஐ 200ஆல் வகுத்தால் 11.19, ஒரு கம்பி கூடுகிறது. மிச்சத் துண்டிலும் ஒரு சங்கடம். 3.37 மீட்டர் துண்டு மூன்று வெட்டிய கம்பியில் மிஞ்சுவது 1.89தான். அதில் சேர் வராது. மற்றத் திசையின் 2.19 துண்டுகளைச் சேருக்கென்று தனியாக ஒதுக்கிக் கட்டி வைக்கச் சொன்னேன்.

கம்பி கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். அடிவலைக் கம்பிகளுக்கு நடுவே 32 பைல் கம்பிகள் நிற்கின்றன. இரண்டும் முட்டும் இடத்தில் ஆட்கள் பைல் கம்பியை அடியோடு வளைத்துத் தள்ளவோ, தொந்தரவு என்று அறுக்கவோ பார்ப்பார்கள். நகர வேண்டியது வலைக்கம்பி. இடைவெளி ஓரிடத்தில் 120உம் இன்னோரிடத்தில் 165உமாக ஆனாலும் வடிவமைப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விடலாம், ஆனால் எண்ணிக்கை 16க்குக் குறையக் கூடாது. கட்டி முடிந்ததும் இடைவெளியை அளப்பதைவிடக் கம்பியை எண்ணுவதையே நான் முதலில் செய்வேன்.

ரெடிமிக்ஸ் வண்டி ஒன்றில் பொதுவாக 6 கன மீட்டர் வரும். 5.48க்கு அரை கன மீட்டர் மிச்சம் என்று முழு வண்டியாகச் சொல்லிவிட்டோம். கான்கிரீட் குறைந்துபோனால் ஒரு கால் கன மீட்டருக்காக இன்னொரு வண்டி எண்ணூர் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களின் வரிசைக்குப் பின்னால் நின்று வர வேண்டும். அதற்குள் கேப்பில் போட்டது இறுகத் தொடங்கி நடுவே ஒரு தையல் விழுந்துவிடும். வண்டி இரவு பதினோரு மணிக்கு வந்தது. கொட்டி முடித்தபோது தொட்டியில் மிஞ்சியது ஏழெட்டு பாண்டு. மீதி ஷட்டரிங் சற்றே உப்பியதிலும் மேல் மட்டத்தின் மேடு பள்ளத்திலும் போயிருந்தது.